மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்: மடிநோய்ப் பாலில் கிடைத்த ஈ.கோலையின் தடுப்பு வளையங்களை அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில், முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் தம் ஆய்வுத் திட்டத்துக்கு மடிநோய் கண்ட கறவை மாடுகளை எடுத்துக்கொண்டார். அம்மாடுகளின் பாலிலிருந்து ஈ.கோலை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது எந்தெந்த ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படுகிறது என்று டிஸ்க் முறையில் சோதிப்பது திட்டம். வழிகாட்டியாக இருந்தவள் நான். அந்த அறிக்கையின் முதல் வரைவில் இருந்த மூன்று முடிவுகளும் எப்படி ஒவ்வொன்றாக நிற்காமல் போயின, அவற்றுக்குப் பதிலாக எதைச் சொல்ல முடிந்தது என்பதையே இங்கே பதிவு செய்கிறேன். இதே சோதனையை ஆண்டுதோறும் செய்யும் மற்ற துறைகளிலும் இதே இடங்களில் சறுக்கல் நேர வாய்ப்பு உண்டு என்பதால், எங்கள் தவறுகளை மறைக்காமல் எழுதுகிறேன்.

பால் மாதிரிகள் இரண்டு தவணையாக வந்தன. பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களில் பாலக்கோட்டைச் சுற்றிய சிற்றூர்களில் எட்டு மாடுகளிடமிருந்து எடுத்தவை முதல் தவணை. மார்ச்சில் பென்னாகரம் பக்கம் ஏழு மாடுகளிடமிருந்து எடுத்தவை இரண்டாம் தவணை. முதல் தவணையில் பன்னிரண்டும் இரண்டாவதில் பதினொன்றுமாக மொத்தம் இருபத்து மூன்று ஈ.கோலை ஐசோலேட்டுகள், அதாவது பாலிலிருந்து தனித்தனியே பிரித்து வளர்த்த பாக்டீரியா மாதிரிகள், கிடைத்தன. மாடுகளைவிட ஐசோலேட்டுகளின் எண்ணிக்கை ஏன் கூடுதல் என்ற கேள்வியை அப்போது நாங்கள் யாரும் எழுப்பவில்லை.

சோதனை முறை, 1966-இல் பாவர், கிர்பி முதலானோர் வரையறுத்ததன் வழியில் இன்று பல ஆய்வகங்களிலும் நடப்பதுதான். பாக்டீரியாவை உப்புக் கரைசலில் கலக்கி, அதன் கலங்கலை 0.5 மெக்ஃபார்லண்ட் அளவுக்குக் கொண்டுவந்து, பஞ்சுக் குச்சியால் முல்லர்-ஹின்டன் அகார் தட்டு முழுவதும் மூன்று திசைகளில் சீராகப் பூச வேண்டும். பூசிய பதினைந்து நிமிடங்களுக்குள் மருந்து டிஸ்க்குகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் இன்குபேட்டரில் வைக்க வேண்டும். மறுநாள் டிஸ்க்கைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிவான வட்டம் தெரியும். அந்தத் தடுப்பு வளையத்தின் விட்டத்தை, டிஸ்க்கின் 6 மி.மீ.-ஐயும் சேர்த்து, முழு மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். ஆம்பிசிலின் 10 மைக்ரோகிராம், ஜென்டாமைசின் 10, டெட்ராசைக்ளின் 30, சிப்ரோஃப்ளாக்சசின் 5 என நான்கு டிஸ்க்குகள் ஒவ்வொரு தட்டிலும் வைக்கப்பட்டன. ஒவ்வொரு நாளும், காட்ட வேண்டிய வளைய அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு இனமான ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922-உம் தனித் தட்டில் சோதிக்கப்பட்டது. இந்தக் கடைசி வேலையை மாணவி ஒரு நாளும் விட்டுவிடாமல் செய்திருந்ததால்தான் பின்னால் எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடிந்தது.

வரைவில் இருந்த மூன்று முடிவுகள்

ஏப்ரல் தொடக்கத்தில் வரைவு என் மேசைக்கு வந்தது. சராசரி வளையம் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 27 மி.மீ., ஜென்டாமைசினுக்கு 20, டெட்ராசைக்ளினுக்கு 17 என்பதால் இந்நோய்க்குச் சிப்ரோஃப்ளாக்சசினே மிகச் சிறந்தது, அடுத்தது ஜென்டாமைசின் என்பது முதல் முடிவு. ஜென்டாமைசினின் சராசரி வளையம் பாலக்கோட்டு ஐசோலேட்டுகளில் 20.8 மி.மீ. ஆகவும் பென்னாகரத்தில் 18.3 மி.மீ. ஆகவும் இருப்பதால் பென்னாகரம் பகுதியில் மருந்து எதிர்ப்பு கூடியிருக்கிறது என்பது இரண்டாவது. பாலக்கோட்டு ஐசோலேட்டுகளில் ஆம்பிசிலினின் சராசரி 7.9 மி.மீ. மட்டுமே என்பதால் அது மிகக் குறைந்த திறன் கொண்டது என்பது மூன்றாவது.

இவற்றை நான் உடனே திருத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாணவி கூறிய ஒரு செய்தியால் எங்கிருந்து தொடங்குவது என்பதை மாற்றிக்கொண்டேன். மாதிரி எடுக்கப் போன வீடு ஒன்றில், இரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துப் பிழைக்கும் மூதாட்டி அவரிடம், "எந்த ஊசி போட்டா கேக்கும்னு மட்டும் சொல்லிட்டுப் போ கண்ணு" என்று கேட்டிருக்கிறார். முடிவு வந்ததும் சொல்வதாக மாணவி வாக்குக் கொடுத்துவிட்டார். "சிப்ரோன்னு சொல்லிடலாமா மேடம்?" என்று அவர் என்னிடம் கேட்டபோது, அது கறவை மாட்டின் மடிக்கும், அதன் பாலைக் குடிப்பவர்களுக்கும் போய்ச் சேரப் போகிற சொல் என்பதால், மூன்று முடிவுகளையும் அடியிலிருந்து பார்த்துவிட்டே பதில் சொல்வது என்று தீர்மானித்தோம்.

முதல் முடிவு: வெவ்வேறு மருந்துகளின் வளையங்களை ஒப்பிட்டது

வளையத்தின் விளிம்பு எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் தவறு தானாகவே தெரியும். டிஸ்க்கை ஈர அகாரின் மேல் வைத்த கணத்திலிருந்து மருந்து எல்லாப் பக்கமும் பரவத் தொடங்குகிறது. அதே நேரத்தில் பாக்டீரியாவும் பெருகத் தொடங்குகிறது. பாக்டீரியா ஓர் இடத்தில் குறிப்பிட்ட அடர்த்தியை எட்டுவதற்கு முன் போதிய மருந்து அங்கே வந்து சேர்ந்தால் வளர்ச்சி நிற்கும், வராவிட்டால் வளர்ந்துவிடும். அந்த எல்லை முதல் சில மணி நேரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே விட்டம் என்பது பாக்டீரியாவின் எதிர்ப்புத் தன்மையை மட்டும் காட்டுவதில்லை. டிஸ்க்கில் எவ்வளவு மருந்து இருந்தது, அம்மருந்தின் மூலக்கூறு அகாரில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பவையும் அதில் கலந்திருக்கின்றன. கோலிஸ்டின் போன்ற பெரிய மூலக்கூறு அகாரில் நகரவே சிரமப்படும். அதனால் அதற்கு டிஸ்க் முறையையே பரிந்துரைப்பதில்லை.

இதனால்தான் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லை அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆய்வகச் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.-யின் அட்டவணையில், ஈ.கோலை அடங்கிய குடும்பத்துக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் வளையம் 26 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டுப்படுவது என்றும், 22 முதல் 25 வரை இடைநிலை என்றும், 21-உம் அதற்குக் கீழும் எதிர்ப்பு என்றும் கொள்ள வேண்டும். ஜென்டாமைசினுக்கு 18-உம் மேலும் கட்டுப்படுவது, 15 முதல் 17 வரை இடைநிலை, 14-உம் கீழும் எதிர்ப்பு.

மாணவியின் ஏழாம் எண் ஐசோலேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிப்ரோஃப்ளாக்சசின் வளையம் 24 மி.மீ., ஜென்டாமைசின் வளையம் 20 மி.மீ. கண்ணுக்கு முன்னது பெரிது. ஆனால் அட்டவணைப்படி பெரிய வளையம் இடைநிலையில் விழுகிறது, சிறிய வளையமோ கட்டுப்படுவதில் நிற்கிறது. வளையத்தின் அளவை வைத்து மருந்துகளுக்கு வரிசை போட்டிருந்தால் இந்த மாட்டுக்கு நாம் தலைகீழாகச் சொல்லியிருப்போம்.

இங்கே இன்னொரு பிழையும் வெளிப்பட்டது. மாணவி 24 மி.மீ.-க்குக் "கட்டுப்படுவது" என்று எழுதியிருந்தார். எங்கள் ஆய்வகச் சுவரில் பல ஆண்டுகளாக ஒட்டியிருந்த அட்டவணையின்படி அது சரிதான், ஏனெனில் பழைய எல்லை 21 மி.மீ. சிப்ரோஃப்ளாக்சசினின் எல்லையை 2019-லும் ஜென்டாமைசினின் எல்லையை 2023-லும் சி.எல்.எஸ்.ஐ. மாற்றிவிட்டது. பாக்டீரியா அதே, தட்டு அதே, 24 மி.மீ.-உம் அதே, அட்டவணையின் ஆண்டு மட்டும் மாறியதால் முடிவு மாறுகிறது. அன்றே அந்தத் தாளைக் கிழித்து எடுத்தோம். "கட்டுப்படும்", "எதிர்க்கும்" என்ற சொல்லை மட்டும் எழுதிவிட்டு மில்லிமீட்டரை விட்டுவிடும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எல்லை மாறும் நாளில் அந்த ஆய்வின் முழு உழைப்பும் பயனற்றுப் போகும். மில்லிமீட்டர் இருந்தால் யாரும் புதிய எல்லையை வைத்து மறுபடி படித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் முடிவு: இரு ஊர்களுக்கிடையே 2.5 மி.மீ.

முதல் பிழை எண்களைப் படித்த விதத்தில் இருந்தது. இரண்டாவது, எண்களுக்குள்ளேயே இருந்தது. ஒரே மருந்தை, ஒரே வகைப் பாக்டீரியாவில், ஒரே ஆய்வகத்தில் ஒப்பிட்டிருப்பதால், மேற்பார்வைக்கு இந்த ஒப்பீடு நியாயமானதே. ஆனால் இரு தவணைகளுக்கும் இடையே இரண்டு மாதங்கள் இருந்தன. அந்த இரண்டு மாதங்களில் சோதனையே மாறியிருக்கக்கூடும் அல்லவா?

கட்டுப்பாட்டு இனத்தின் குறிப்பேட்டைத் திறந்தோம். ஜென்டாமைசினுக்கு அந்த இனம் 19 முதல் 26 மி.மீ. வரை காட்ட வேண்டும் என்பது விதி. முதல் தவணையின் மூன்று நாட்களில் 23, 24, 23. இரண்டாவதில் 20, 21, 20. ஆறு எண்களும் வரம்புக்குள் இருப்பதால் மாணவி ஒவ்வொன்றின் எதிரிலும் "சரி" என்று குறித்திருந்தார். விதிப்படி அது சரிதான். ஆனால் எதிர்ப்பே பெறாத, குளிரில் பாதுகாத்த, மாறாத அந்த இனத்தின் வளையமும் இரண்டாம் தவணையில் மூன்று மில்லிமீட்டர் சுருங்கியிருந்தது. பென்னாகரத்து ஐசோலேட்டுகள் சுருங்கியதோ 2.5 மி.மீ.தான். பென்னாகரத்துக்கே போகாத ஒரு பாக்டீரியாவும் அதே அளவுக்குச் சுருங்கியிருக்கும்போது, அந்தச் சுருக்கத்தை அந்த ஊரின் மேல் ஏற்ற முடியாது.

காரணத்தைத் தேடினோம். மற்ற மூன்று மருந்துகளின் கட்டுப்பாட்டு வளையங்களும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தன. இது ஒரு நல்ல துப்பாக அமைந்தது. டிஸ்க்குகள் வெப்பத்தில் கெட்டிருந்தால், எளிதில் சிதையும் ஆம்பிசிலின்தான் முதலில் சுருங்கியிருக்கும்; நான்கும் ஒன்றாகச் சுருங்கியிராது. அகாரின் கார-அமிலத் தன்மை 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் இல்லாமல் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தால் ஜென்டாமைசின் வளையம் சுருங்கும், ஆனால் டெட்ராசைக்ளின் வளையம் விரியும். எனவே அதுவும் இல்லை. எல்லா மருந்துகளையும் ஒரே பக்கம் தள்ளக்கூடியவை என்று எஞ்சியவை மூன்று: பூசிய பாக்டீரியா அதிகமாக இருந்திருக்கலாம், அகார் தடிமனாக இருந்திருக்கலாம், அளந்தவர் வேறு மாதிரி அளந்திருக்கலாம்.

கலங்கல் அளவைச் சரிபார்ப்பது எளிதாக இருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த பேரியம் சல்பேட் குழாயை நன்றாகக் குலுக்கி, ஒளிமானியில் 625 நானோமீட்டரில் பார்த்தபோது 0.10 காட்டியது, 0.08 முதல் 0.13 வரை இருக்க வேண்டியது என்பதால் அதில் குறையில்லை. மாணவி தம் கரைசலை அதனுடன் ஒப்பிடும் விதத்தையும் அருகிருந்து பார்த்தேன், நிதானமாகவே செய்தார்.

அகாரின் தடிமன்தான் எங்களை நிறுத்தியது. மார்ச்சில் ஊற்றிய தட்டுகளில் இரண்டு குளிர்பெட்டியில் மிச்சமிருந்தன. ஒன்றின் நடுவில் சவர பிளேடால் ஒரு துண்டு வெட்டி நிமிர்த்தி, வெர்னியர் காலிப்பரால் அளந்தோம். 5.5 மி.மீ. இருந்தது; இருக்க வேண்டியதோ 4 மி.மீ.தான். எப்படி என்று கேட்டபோது, ஜனவரியில் அளவுக் குடுவையில் 25 மி.லி. அளந்து ஊற்றியதாகவும், மார்ச்சில் தேர்வு நெருக்கத்தில் கண்ணளவாக நேரே ஊற்றிவிட்டதாகவும் மாணவி மறைக்காமல் சொன்னார். எங்களுடைய 90 மி.மீ. தட்டில் 25 மி.லி. ஊற்றினால் ஏறத்தாழ 4 மி.மீ. வரும். தடிமன் கூடினால் மருந்து பக்கவாட்டில் மட்டுமின்றிக் கீழ்நோக்கியும் கூடுதலாகப் பரவிவிடுவதால், விளிம்பை எட்டும் மருந்து குறைந்து வளையம் சுருங்கும்.

சந்தேகத்தோடு நிறுத்திவிடாமல், ஒரே நாளில், ஒரே கரைசலைக் கொண்டு, கட்டுப்பாட்டு இனத்தை 25 மி.லி. தட்டுகள் மூன்றிலும் 34 மி.லி. தட்டுகள் மூன்றிலும் பூசினோம். ஜென்டாமைசின் வளையம் மெல்லிய தட்டுகளில் 23, 23, 24. தடித்த தட்டுகளில் 21, 21, 22. தடிமன் மட்டுமே இரண்டு மில்லிமீட்டரைத் தின்றுவிட்டது. மூன்றில் இரண்டுக்குக் கணக்குக் கிடைத்தது, மீதி ஒன்று நின்றது.

அளக்கும் கண்

மார்ச் மாதத் தட்டுகளில் சிலவற்றை மாணவியின் வகுப்புத் தோழி அளந்து கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எண் மட்டும் எழுதிய பத்துத் தட்டுகளைக் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் அளக்கச் சொன்னேன். நாற்பது வளையங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனார்கள். மாறிய இடங்களில் ஏறக்குறைய எப்போதும் தோழியின் எண்தான் சிறியது. மாணவி தட்டைக் கவிழ்த்து, பின்புறத்திலிருந்து, கறுப்புத் துணியின் மேல் சற்று உயர்த்திப் பிடித்து, ஒளி சாய்வாகப் படும்படி பார்த்து, வெறுங்கண்ணுக்கு வளர்ச்சி முற்றாக நிற்கும் இடத்தில் காலிப்பரை வைத்தார். தோழியோ தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அப்படிப் பார்க்கும்போது விளிம்புக்கு உள்ளே இருக்கும் மிக மெல்லிய மங்கலும் தெரிந்துவிடும். அதையும் வளர்ச்சியாகக் கொண்டு அவர் இன்னும் உள்ளே தள்ளி அளந்தார். ஈ.கோலைக்கும் இந்த நான்கு மருந்துகளுக்கும் மாணவி செய்ததே முறை.

ஓர் இடத்தில் மட்டும் வேறுபாடு ஐந்து மில்லிமீட்டர் வந்தது, அங்கே தோழிதான் சரி. நான்காம் எண் ஐசோலேட்டின் சிப்ரோஃப்ளாக்சசின் வளையத்துக்குள், விளிம்பிலிருந்து தள்ளி, கடுகின் பாதி அளவில் ஆறு காலனிகள் தனித்தனியாக நின்றன. மாணவி அவற்றைத் தூசி போன்ற மாசு என்று கருதி விட்டுவிட்டார். அப்படி விடக் கூடாது. வேறு பாக்டீரியா கலந்திருக்கலாம், அல்லது அதே பாக்டீரியாவில் மருந்தைத் தாங்கும் ஒரு சிறு பகுதி இருக்கலாம். அந்தக் காலனிகளில் ஒன்றை எடுத்துத் தூய்மைப்படுத்தி மறுபடி சோதித்தோம். அது ஈ.கோலையேதான், அதன் வளையம் 19 மி.மீ. மட்டுமே இருந்தது. அறிக்கையில் அந்த ஐசோலேட் இப்போது எதிர்ப்பு என்று பதிவாகியிருக்கிறது.

தடிமன் இரண்டு, கண் ஒன்று என்று கூட்டினால் மூன்று வருகிறது. கணக்கு இவ்வளவு ஒழுங்காக வருவதை நான் அப்படியே நம்பவில்லை. மார்ச் வெப்பத்தில் தட்டுகள் இன்குபேட்டருக்குள் போகத் தாமதமானதா என்பது போன்ற வேறு சிறு காரணங்களும் இருந்திருக்கலாம். அவற்றை இனிமேல் மீட்டெடுக்க முடியாது. அறிக்கையில் "பெரும்பகுதி அகார் தடிமனால்" என்று மட்டுமே எழுதினோம்.

மூன்றாம் முடிவு: சராசரி 7.9

ஆம்பிசிலினின் சராசரியில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. வளையமே இல்லாத தட்டுகளுக்கு மாணவி 0 என்று எழுதியிருந்தார். டிஸ்க்கின் அகலமும் சேர்த்தே அளப்பதால், வளையம் இல்லை என்பதை 6 என்று எழுதுவதுதான் வழக்கம். பாலக்கோட்டுப் பன்னிரண்டில் ஏழுக்கு வளையமில்லை, மீதி ஐந்துக்கு 18 முதல் 20 வரை. 0-ஐ 6 ஆக்கியதும் சராசரி 7.9-லிருந்து 11.4-க்குத் தாவியது. ஆனால் அந்த 11.4-உம் பொருளற்றது, ஏனென்றால் பன்னிரண்டில் ஒன்றுகூட அந்த அளவுக்கு அருகில் இல்லை. ஐசோலேட்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன: ஒரு கூட்டத்தை ஆம்பிசிலின் தொடவே இல்லை, இன்னொன்று நன்றாகவே கட்டுப்படுகிறது. சராசரி இரண்டுக்கும் நடுவே யாரும் இல்லாத இடத்தைக் காட்டுகிறது. ஆகவே சராசரியை நீக்கிவிட்டு, ஒவ்வோர் ஐசோலேட்டுக்கும் ஒரு புள்ளியாக வரைந்து வைத்தோம்.

அந்தப் புள்ளிகளுக்கு மாட்டின் எண்ணை எழுதியபோதுதான், எட்டு மாடுகளிலிருந்து பன்னிரண்டு ஐசோலேட்டுகள் எப்படி வந்தன என்பதன் பொருள் எங்களுக்கு உறைத்தது. எதிர்ப்புக் காட்டிய ஏழில் நான்கு, ஒரே மாட்டின் நான்கு காம்புகளிலிருந்து வந்தவை. அவை நான்கும் அநேகமாக ஒரே பாக்டீரியாவின் வழித்தோன்றல்கள். ஐசோலேட்டாக எண்ணினால் பன்னிரண்டில் ஏழு. மாடாக எண்ணினால் எட்டில் நான்கு. எட்டு மாடுகளை வைத்துக்கொண்டு விழுக்காடு போடுவதும் பொருத்தமில்லை என்பதால், இரு எண்ணிக்கைகளையும் அப்படியே எழுதினோம்.

மறுசோதனை

அறிக்கை சமர்ப்பிக்க மூன்று வாரங்கள் இருந்தன. பழைய எண்களிலிருந்து மூன்று மில்லிமீட்டரைக் கழித்தோ கூட்டியோ "திருத்திவிடலாம்" என்று ஒரு யோசனை வந்தது. அதை நான் ஏற்கவில்லை. கட்டுப்பாட்டு இனத்துக்கு வந்த சுருக்கம் ஒவ்வோர் ஐசோலேட்டுக்கும் அதே அளவில்தான் வந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை; அளக்காத எண்ணை அளந்த எண்ணைப் போல எழுதுவதும் முறையல்ல. மறுபடி சோதிப்பதே வழி.

பென்னாகரத்துப் பதினொன்றில் இரண்டு சேமிப்பில் பிழைக்கவில்லை. ஒன்பது உயிரோடு இருந்தன. பாலக்கோட்டுப் பன்னிரண்டிலிருந்து ஒன்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். பதினெட்டுக்கும் குறியெண் இட்டுக் கலந்து, ஒரே கொதிகலத்தில் காய்ச்சிய அகாரை 25 மி.லி. வீதம் அளந்து ஊற்றிய தட்டுகளில், ஒரே நாளில் சோதித்தோம். எது எந்த ஊர் என்பது அளந்த மாணவிக்குத் தெரியாது. குறியெண் பட்டியல் என்னிடம் இருந்தது. கட்டுப்பாட்டு இனம் ஜென்டாமைசினுக்கு 23 காட்டியது.

பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது ஜென்டாமைசினின் சராசரி பாலக்கோட்டுக்கு 20.6, பென்னாகரத்துக்கு 20.2. ஒரே வளையத்தை இருவர் அளந்தாலே ஒரு மில்லிமீட்டர் மாறும் நிலையில், இதை வேறுபாடு என்று சொல்ல இடமில்லை. சராசரியைவிட என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. மார்ச் சோதனையில் பென்னாகரத்து ஐசோலேட்டுகளில் நான்கு, 15 முதல் 17 மி.மீ. வரை காட்டி இடைநிலை என்று பதிவாகியிருந்தன. அந்த நான்கில் பிழைத்திருந்த மூன்றும் மறுசோதனையில் 18, 19, 19 காட்டின. அதாவது மூன்று மாடுகளின் பாக்டீரியா, பெரும்பாலும் அகார் தடிமன் காரணமாக, தவறான வகையில் எழுதப்பட்டிருந்தது. எல்லைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அருகில் நிற்கும் எந்த அளவும் இப்படித்தான் ஒரு நாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமும் விழும்; 18 காட்டிய அந்த ஒன்றை அறிக்கையில் "எல்லையில் உள்ளது" என்று குறித்தோம்.

மூதாட்டிக்குச் சொன்னது

இதற்குப் பிறகும், "கட்டுப்படுவது" என்று வந்த மருந்தை அவரிடம் சொல்லிவிடலாமா என்ற கேள்வி இருந்தது. சொல்ல முடியாது என்றே முடிவு செய்தோம். நாங்கள் வைத்துப் படித்த எல்லைகள் மனித நோயாளிகளுக்கு, மனித உடலில் மருந்து எட்டும் அளவை வைத்து வகுத்தவை. மாட்டின் வீங்கிய மடிக்குள் மருந்து எவ்வளவு போய்ச் சேரும், பாலின் கொழுப்பும் புரதமும் அதை எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பது அகார் தட்டுக்குத் தெரியாது. சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்தில் மாடுகளுக்குப் போடப்படுவது பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசின். நாங்கள் வைத்த டிஸ்க்கோ சிப்ரோஃப்ளாக்சசின். வளையம் காட்டுவது வளர்ச்சி நின்றது என்பதைத்தான், பாக்டீரியா செத்தது என்பதை அன்று. எந்த ஊசி போட்டாலும் எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதும் இதிலிருந்து வராது.

எதிர்ப்பு என்று வந்ததைச் சொல்வதில் இவ்வளவு தயக்கம் தேவைப்படவில்லை. வளையமே இல்லாத மருந்து அந்த மாட்டில் பயன் தருவது அரிது. அவருடைய ஒரு பசுவின் ஈ.கோலைக்கு ஆம்பிசிலின் வளையம் இல்லை. மில்லிமீட்டர் அளவுகளையும் அட்டவணை ஆண்டையும் எழுதிய ஒரு பக்கத் தாளை அப்பகுதிக் கால்நடை மருத்துவரிடம் மாணவி நேரில் கொடுத்தார். பிறகு மூதாட்டியிடம், "இந்த மாட்டுக்கு ஒரு மருந்து கேக்காதுன்னு தெரியுது பாட்டி, அதை டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்திருக்கேன், எதைப் போடணும்னு அவரு பாத்துச் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இனி மாற்றிச் செய்வது

இரண்டு ஊர்களையோ இரண்டு பருவங்களையோ ஒப்பிடும் திட்டம் என்றால், மாதிரி வந்த வரிசையில் சோதித்து முடிக்காமல், ஐசோலேட்டுகளைச் சேமித்து வைத்து, கலந்து, ஒரே நாட்களில் சோதிப்போம். எங்கள் தவறின் வேர் அங்கேதான் இருந்தது. ஊரும் நாளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால், எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் இரண்டையும் பிரித்திருக்க முடியாது. ஒரு மாட்டுக்கு ஓர் ஐசோலேட் என்பதை எண்ணிக்கையின் அலகாகத் தொடக்கத்திலேயே எழுதிவைப்போம்.

கட்டுப்பாட்டு இனத்தின் அளவை "சரி" என்று குறிப்பதோடு விடாமல், நாள்வாரியாகக் கட்டத்தாளில் புள்ளி வைத்து வருகிறோம். அப்படி வைத்திருந்தால் மார்ச்சின் முதல் நாளிலேயே சரிவு கண்ணில் பட்டிருக்கும். ஒவ்வொரு முறை அகார் ஊற்றும்போதும் ஒரு தட்டை வெட்டித் தடிமன் அளந்து அதே தாளில் குறிக்கிறோம். ஒரு தட்டு வீணாகும், அதை ஏற்றுக்கொண்டோம். அளப்பவர் ஒருவராகவே இருப்பார். முடியாதபோது இருவரும் முதலில் பத்துத் தட்டுகளைத் தனித்தனியே அளந்து, தங்கள் வேறுபாட்டை எழுதிவைத்த பின்பே பணியைப் பகிர்ந்துகொள்வார்கள்.

இறுதி அறிக்கையில் அந்த இரண்டாம் முடிவு இருந்த இடத்தில் இப்போது இருக்கும் வாக்கியம் இது: "பதினெட்டு ஐசோலேட்டுகளை ஒரே நாளில், ஒரே தடிமன் கொண்ட தட்டுகளில் சோதித்தபோது, பாலக்கோடு, பென்னாகரம் ஆகிய இரு பகுதிகளின் ஜென்டாமைசின் வளையங்களுக்கிடையே, அளவீட்டுப் பிழையை மீறிய வேறுபாடு காணப்படவில்லை, இரு பகுதிகளிலும் மருந்து எதிர்ப்பு ஒரே அளவில் இருக்கிறது என்று இதனால் நிறுவப்படவும் இல்லை."